பொறியும் பசியும்: ஒரு சிறுகதை பற்றிய குறிப்பு

கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்கரையிலுள்ள தலவிலையைக் களமாகக் கொண்ட சிறுகதையொன்று அண்மையிற் கையெழுத்துப்படியாக வாசிக்கக் கிடைத்தது. எழுதியவரின் ஆக்கங்கள் இன்னும் அச்சேறாமையால் அவர் பெயர் இங்குக் குறிக்கப்படவில்லை.

புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஆகஸ்ட் மாதத் திருவிழாவுக்கு மூன்று வாரங்கள் இருக்கையிற் கதை தொடங்குகின்றது. யாத்திரிகர்களுக்கு விற்பதற்கெனத் தாய் கருவாட்டை உலர்த்திச் சாக்கிற் கட்டி வைக்கிறாள். சுண்டெலியொன்று சாக்கைக் கடிக்கின்றது. அவள் அடிக்கும் பொறியை வைக்கிறாள். கூண்டுப் பொறியை இரவல் வாங்குகிறாள். அயல்வீட்டுப் பூனையைக் கொண்டுவந்து அறையில் விடுகிறாள். ஈற்றில் நஞ்சு வாங்குகிறாள். எட்டு வயது மகனோ இரவுதோறும் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் தேங்காய்ச் சொட்டு வைத்து அவ்வெலியை இரகசியமாகப் போஷிக்கிறான்.

கதையின் பலம் இக்காரணகாரியத் தொடர்பிலேயே உள்ளது. பொறிகள் தோற்பது எலியின் புத்திக்கூர்மையால் அன்று. சுண்டெலி புதிய பொருளை அதிகம் அஞ்சுவதன்று. அதனைத் தேடி ஆராயும் இயல்புடையது. ஆனால், ஒரு நாளைக்கு மூன்று நான்கு கிராம் உணவே அதற்குப் போதும். சிறுவன் வைக்கும் துண்டு அவ்வளவையும் மிஞ்சியது. பொறியிலுள்ள கருவாட்டுத் துண்டு தன் கவர்ச்சியை இழந்துவிடுகின்றது. பொறி பசியை நம்பி இயங்கும் கருவி. பசியை நீக்கியதும் அது வெறும் பலகையும் கம்பியும் ஆகிவிடுகின்றது. ஆசிரியர் இதனை எங்கும் விளக்காது நிகழ்ச்சிகளாலேயே உணர்த்துகிறார்.

இவ்விடத்தே அசோகமித்திரனின் ‘எலி’ நினைவுக்கு வருதல் இயல்பே. அக்கதையிற் பொறிக்குள் வைப்பதற்குக்கூட வீட்டில் உணவு எஞ்சவில்லை; குடும்பத் தலைவர் இரவில் வெளியே சென்று வடை வாங்கி வருகிறார். எலி அகப்படுகிறது, விடுவிக்கப்பட்டதும் பறவைக்கு இரையாகின்றது, வடையோ தின்னப்படாமலே பொறியிற் கிடக்கின்றது. கொல்லும் மனிதனுக்கே அவ்வுணவின் பெறுமதி தெரிந்திருப்பதால் இரக்கம் அவனிடத்தே பிறக்கிறது. இரக்கமும் அதன் விலையும் அங்கு ஒரே பாத்திரத்திற் சேர்ந்துள்ளன. நமது கதையிலோ அவை பிரிந்துவிட்டன: இரக்கம் மகனுக்கு, விலை தாய்க்கு.

இப்பிரிவு குறையன்று, கதையின் மையமே அதுவாகியிருக்கலாம். ஆயின் ஆசிரியர் மகன் பக்கம் முழுமையாகச் சாய்ந்துவிடுகிறார். தொடக்கத்திற் சிறுவன் தன் பங்கிலிருந்து ஒரு துண்டை ஒதுக்குகிறான். பின்னர் கறிக்கென வைத்த தேங்காயிலிருந்து எடுக்கிறான். முதலாவது தியாகம், இரண்டாவது தாயின் உழைப்பிலிருந்து எடுத்த கொடை. இரண்டையும் ஒரே கனிந்த நடையில் ஆசிரியர் சொல்லிச் செல்கிறார். தாய் உப்பிட்டு, உலர்த்தி, மழைக்கு அஞ்சி மீண்டும் அள்ளிய உழைப்பு இரண்டே வரிகளில் முடிகின்றது. அவளுடைய பொறிகள் மாத்திரம் நகைச்சுவைக்குரியனவாக விரிவாக வருணிக்கப்படுகின்றன. வாசகன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். அவள் கணக்கை அறிவதில்லை.

கதையின் மிகக் கூர்மையான கணம் ஒரே வாக்கியத்தில் நழுவவிடப்பட்டுள்ளது. கருவாட்டை எலி தீண்டாததைக் கண்ட தாய், நஞ்சைத் துருவிய தேங்காயிற் பிசைகிறாள். மகன் அன்போடு வைக்கும் அதே உணவு! அதுமட்டுமன்று, இருளில் அரிசிப் பெட்டிக்குப் பின்னே கைவிடுபவன் அவனே. தாயின் பகைக்கும் மகனின் அன்புக்கும் இடையே இப்போது நிற்பது அச்சிறுவனின் உயிர். இதனை உணர்ந்திருந்தால் கதை வேறு ஆழத்தை எட்டியிருக்கும்.

முடிவில், திருவிழாவுக்கு முந்திய இரவு, மகன் வைத்த சொட்டைக் கண்டெடுத்த தாய் சிரித்து நஞ்சை வெளியே கொட்டுகிறாள். சமரசம் நேர்கிறது, ஆனால் சாக்கு அவிழ்க்கப்படவில்லை. எலி சாக்கு நூலை வாயிற் கவ்விச் செல்வதை ஆசிரியரே முன்னர் காட்டியிருக்கிறார். அது கூடு கட்டும் செயல். சுண்டெலியின் சூற்காலம் ஏறத்தாழ மூன்று வாரங்கள். கதையின் கால எல்லையும் அதுவே. ஆகவே கதைக்குள்ளேயே விதைக்கப்பட்ட விளைவு, திருவிழாச் சந்தையில், வாங்குவோர் முன்னிலையிற் சாக்கு அவிழும் கணத்தை நோக்கிச் செல்கின்றது. ஆசிரியர் அக்கணத்துக்கு முன்பே திரையை இறக்கிவிட்டார்.

சிறுவனின் இரக்கத்தைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவ்விரக்கத்துக்கு அந்த வீட்டில் யார் என்ன கொடுத்தனர் என்பதே கேள்வி. மனிதாபிமானம் என்னும் பெயரால் உழைப்பவளின் இழப்பை மறைக்கும் கதை, தான் எடுத்த யதார்த்தத்தின் பாதியை விட்டுவிடுகின்றது. சாக்கு அவிழ்ந்த பின்னரும் தாய் மகனை அணைத்திருப்பாளாயின், அவ்வணைப்பை நாம் நம்பியிருப்போம்.