சந்தா நின்ற பிறகு பழைய பத்திரிகை திறக்குமா?

மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒரு டிசைனரை எடுத்துக்கொள்வோம். முகூர்த்த மாதங்களில் திருமணப் பத்திரிகை, ஆடியில் கோயில் நோட்டீஸ், ஆண்டு முடிவில் பள்ளி மலர். எல்லாம் அடோபி மென்பொருள்களில் செய்தவை. 2012-இல் வந்த சிஎஸ்6-க்குப் பிறகு ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஆகியவற்றுக்கு அந்த நிறுவனம் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் பதிப்பைத் தரவில்லை. 2013 மே மாதம் அறிவித்தபடி, அதன் பின்பு அவற்றின் புதிய பதிப்புகள் எல்லாமே சந்தாதான். இவர் இப்போது சந்தாவை நிறுத்த நினைக்கிறார். மென்பொருள் திறக்காது என்பது தெரியும். ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் பழைய வேலைகள் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் இது: “எதற்கு இவ்வளவு யோசனை? தேவைப்படும் மாதம் மட்டும் சந்தா கட்டு, திற, வேலையை முடி.” இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஐந்து வருடத்தில் ஒருமுறை கேட்கப்படும் வேலைக்கு இதுவே மலிவு. ஆனால் சந்தா கட்டினால் பழைய ஃபைல் பழையபடியே திறக்கும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. அது உண்மையல்ல. டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி ஃபோட்டோஷாப்பில் 2021-இலும், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் உள்ளிட்டவற்றில் 2023 ஜனவரியிலும் நிறுத்தியது. ஒழுங்காகப் பணம் கட்டியவர்களுக்கும் அந்த ஃபைல்களில் எழுத்துரு காணவில்லை என்ற எச்சரிக்கையே வந்தது. அதே எழுத்துருவைத் தனக்குள் பதித்து வைத்திருந்த பழைய பிடிஎஃப்கள் மட்டும் எந்தக் குறையுமின்றித் திறந்தன. ஆக, சந்தா திறக்கும் உரிமையைத் தரும். அன்று பார்த்த அதே பக்கம் வரும் என்ற உறுதியைத் தராது.

அடுத்து ஃபைல் வகைகள். இவற்றில் ஆபத்து ஒரே அளவாக இல்லை. இல்லஸ்ட்ரேட்டரின் .ai ஃபைலுக்குள் பொதுவாக ஒரு பிடிஎஃப்பும் சேர்ந்தே இருக்கும். அதனால் இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளிலும் அது திறக்கும். லேயர் ஒழுங்கு குலையலாம், வரிகள் துண்டு துண்டாக வரலாம், ஆனால் படம் கிடைக்கும். ஃபைல் அளவு குறையட்டும் என்று சேமிக்கும்போது `Create PDF Compatible File` என்ற டிக்கை எடுத்திருந்தால் கதை வேறு. வெளியில் திறந்தால் பத்திரிகை இருக்க வேண்டிய பக்கத்தில், பிடிஎஃப் உள்ளடக்கம் இல்லாமல் சேமிக்கப்பட்டது என்ற ஆங்கில அறிவிப்பு மட்டுமே நிற்கும். இதைச் சந்தா இருக்கும்போதே கண்டுபிடிப்பது எளிது: .ai ஃபைலை நேராக ஒரு பிடிஎஃப் ரீடரில் திறந்து பார்த்தால் போதும்.

இன்டிசைனின் .indd முழுக்கப் பூட்டிய பெட்டி. அதற்கு மாற்று .idml. அது ஜிப் செய்த எக்ஸ்எம்எல் என்பதால் ஸ்கிரைபஸும் அஃபினிட்டியும் அதைப் படிக்கின்றன. இன்டிசைனில் `Package` கொடுக்கும்போது ஐடிஎம்எல், பிடிஎஃப் இரண்டையும் சேர்க்கச் சொல்லும் டிக்குகள் உண்டு. இரண்டையும் வைத்தால் படங்கள், எழுத்துருக்கள், மாற்று ஃபைல் எல்லாம் ஒரே ஃபோல்டரில் வந்துவிடும். ஒரு விதிவிலக்கு: அடோபி ஃபான்ட்ஸ் சேவையிலிருந்து எடுத்த எழுத்துருக்கள் அதில் வராது. சந்தா நின்றதும் அவையும் போய்விடும்.

இதுவரை சொன்னது எந்த ஊர் டிசைனருக்கும் பொருந்தும். தமிழ் வேலைக்கு இன்னொரு பூட்டு இருக்கிறது. என் கணிப்பில் பெரிய பூட்டு அதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பத்திரிகையில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். அப்படிச் செய்த பிடிஎஃப்பிலிருந்து ஊர்ப் பெயரை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் வருவது இது:

```
khq;fhL
```

இது மாங்காடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் .ai ஃபைலைத் திருத்துவதற்காக எந்த மென்பொருளில் திறந்தாலும், அது அடோபியாகவே இருந்தாலும், இந்தக் குப்பைதான் வரும். டிசைனர்கள் இதில் தங்கியதற்குக் காரணமும் உண்டு. பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழை அடித்தால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். பாமினியில் ஒவ்வொரு குறியும் அடித்த இடத்திலேயே நிற்பதால் அந்தத் தொல்லை இல்லை.

போகும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதையும் இதுவே தீர்மானிக்கிறது. 2025 அக்டோபரில் கேன்வா நிறுவனம் அஃபினிட்டியை இலவசமாக்கியதும் பலரின் கண் அங்கே போனது. படம், நிறம், அச்சுக்கான ஏற்பாடு எல்லாவற்றிலும் அது கெட்டிக்கார மென்பொருள். ஆனால் அஃபினிட்டி 2 வரை இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வசதி அதில் இருந்ததில்லை. அதில் பாமினி ஒழுங்காக வந்தது, யூனிகோட் உடைந்தது. புதிய பதிப்பிலும் அதுவே நிலை என்றால், அங்கே போகிறவர் பழைய எழுத்துருச் சிறையை இன்னும் இறுக்கிக்கொள்கிறார். அதன் சொந்த ஃபைல் வகையும் மூடியதே. ஸ்கிரைபஸ் பார்க்க அழகில்லை, பழகவும் நாளாகும். ஆனால் 2024-இல் வந்த 1.6 பதிப்பு யூனிகோட் தமிழைச் சரியாகக் கோக்கிறது, சிவகாசிக்கு அனுப்பும் சிஎம்ஒய்கே பிடிஎஃப்பும் தருகிறது. இன்க்ஸ்கேப்பும் தமிழைச் சரியாகக் காட்டும். அச்சு நிறத்தில்தான் பலவீனம்.

எழுத்துகளை எல்லாம் அவுட்லைன் ஆக்கிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். உருவம் தப்பும், உண்மை. ஆனால் பத்திரிகைத் தொழிலே பழைய டிசைனில் பெயரையும் தேதியையும் மாற்றித் தருவதுதான். அவுட்லைனில் ‘கல்யாணி’யை ‘காமாட்சி’ ஆக்க முடியாது. எனவே அது கூடுதல் நகலாக இருக்கலாம். ஒரே நகலாக இருக்கக் கூடாது.

என் தீர்ப்பு: வெளியேறலாம். ஆனால் சந்தாவின் கடைசி மாதத்தை மாற்றும் வேலைக்கென்றே ஒதுக்க வேண்டும். எல்லா ஃபைலுக்கும் எழுத்துரு பதித்த பிடிஎஃப் ஒன்று கட்டாயம். ரீடரின் `Properties`-இல் `Fonts` பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் `Embedded` என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். கிளவுடில் இருப்பவற்றைக் கணினிக்கு இறக்கிவிட வேண்டும். மூல ஃபைலையும் எழுத்துருக் கோப்பையும் அதே ஃபோல்டரில் விட்டுவைக்க வேண்டும்.

திரும்பக் கேட்கப்படும் வேலைகளுக்கு மட்டும் இரண்டாம் படி: இன்டிசைன் வேலைக்கு ஐடிஎம்எல், இல்லஸ்ட்ரேட்டர் வேலைக்கு எஸ்விஜி, இரண்டுக்கும் யூனிகோடுக்கு மாற்றிய வாசகம் தனி டெக்ஸ்ட் ஃபைலாக. மாற்றித் தர என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. ஆங்கிலமும் கலந்திருந்தால் கவனம் தேவை; ‘ரிசப்ஷன்’ என்று ஆங்கிலத்தில் இருந்ததையும் அது பாமினி என்றே எண்ணித் தமிழ்க் குப்பையாக்கிவிடும். ஆகவே தமிழ் வரிகளை மட்டும் பிரித்து மாற்றி, பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் செய்த பழைய ஃப்ளெக்ஸ்களுக்கு இந்தச் சிரமம் வேண்டாம். முழு அளவில் ஒரு டிஃப் படம் போதும். அந்தத் தேதி போட்ட பேனரை யாரும் மறுபடி அடிக்கப்போவதில்லை. அவற்றில் லேயர்களை இழப்பது ஏற்றுக்கொள்ளத்தக்க நஷ்டம். பள்ளி மலரில் வாசகத்தை இழப்பது அப்படியல்ல.

கடைசியாக ஒரு நிபந்தனை. அடோபி இல்லாத, பாமினி இல்லாத வேறொரு கணினியில் பத்து ஃபைலையாவது திறந்து, ஒரு பெயரை மாற்றி, பிடிஎஃப் எடுத்துப் பார்த்த பிறகே சந்தாவை நிறுத்த வேண்டும். அது முடியவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் பணம் கட்டுவதே லாபம்.