சிக்னல் எட்டாத வகுப்பறைக்கு ஒரு டெஸ்க்டாப்

ஜவ்வாது மலையில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளிக்காக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யக் கேட்டார்கள். இணையம் என்றால் மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் ஆசிரியரின் கைபேசி வழியாகத்தான். நகரத்துக் கடையில் வாங்கிய கொட்டேஷனில் ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று எழுதியிருந்தது. வீட்டு மேசைக்கு அது சரி. இந்தப் பள்ளிக்குக் காசை வேறு இடத்தில் போட வேண்டும்.

பாட வீடியோ ஓடவும் லிப்ரே ஆபிஸ் திறக்கவும் கோர் ஐ3-10100 தாராளம். நான்கு கோர், கூடவே கிராபிக்ஸும் உள்ளே இருக்கிறது, தனி கார்டு வேண்டாம். ராம் 8 ஜிபி போதும். இதில் மிச்சமான பணம் முழுக்க டிஸ்க்குக்குப் போனது, ஏனென்றால் அங்கே டிஸ்க்தான் இணையம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிவிக்ஸ் என்ற மென்பொருளில் படிக்கக் கிடைக்கும் ஆங்கில விக்கிப்பீடியா, படங்களுடன் ஒரே கோப்பாக 100 ஜிபிக்கு மேல். பத்து நிமிடப் பாட வீடியோ ஒன்று 100 எம்பி என்று வைத்தாலும் ஆயிரம் வீடியோவுக்கு 100 ஜிபி. கோலிப்ரியில் இறக்கும் பயிற்சிப் பாடங்கள், லினக்ஸ் நிறுவும் கோப்புகள், ஆசிரியர்கள் சேர்க்கப்போகும் வினாத்தாள்கள் எல்லாம் சேர்ந்தால் 512 ஜிபி ஓராண்டு தாங்காது. ஆகவே இயங்குதளத்துக்கு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, பாடங்களுக்கு 2 டிபி ஹார்டு டிஸ்க். எம்.2 வகையைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு: மதர்போர்டு போய்விட்டால் சாட்டா டிஸ்க்கைக் கழற்றி எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் மாட்டிவிடலாம்.

ஹார்டு டிஸ்க்கில் ஒரு நுணுக்கம். 2 டிபி அளவில் விற்பவற்றில் பல எஸ்எம்ஆர் வகை. அதன் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்; ஒன்றை மாற்ற அடுத்ததையும் திருப்பி எழுத வேண்டும். நூற்றுக்கணக்கான ஜிபியைத் தொடர்ந்து கொட்டும்போது முதலில் வேகமாகப் போகும், பிறகு திடீரென்று தவழும். டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பதறத் தோன்றும். படிக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. விலை வித்தியாசம் சிறிதானால் சிஎம்ஆர் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எஸ்எம்ஆரே போதும், முதல் தடவை நிரப்பும்போது மட்டும் பொறுமை வேண்டும். எந்த வகை என்பது அட்டைப் பெட்டியில் பெரும்பாலும் இருக்காது, மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்க்க வேண்டும்.

பாடங்கள் ஊரிலிருந்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கில்தான் மலையேறும். அதனால் கேபினெட்டின் முன்பக்க நீல யுஎஸ்பி 3 போர்ட் உண்மையிலேயே மதர்போர்டில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அவசரத்தில் அந்தத் தடித்த ஒயரைச் செருகாமல் விடுவதுண்டு. யுஎஸ்பி 2 நொடிக்கு 35 எம்பி அளவில் நகரும். 100 ஜிபிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். யுஎஸ்பி 3-இல் சாதாரண டிஸ்க்கே கால் மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறவே ஏறாது. காப்பி முடிந்ததும், கிவிக்ஸ் தளத்தில் கோப்புடன் கிடைக்கும் சரிபார்ப்புக் கோப்பை அதே ஃபோல்டரில் வைத்து இதை ஓட்டுங்கள்:

```
sha256sum -c *.sha256
```

`OK` என்று வராவிட்டால் மறுபடி காப்பி எடுக்க வேண்டும். இதை ஊரிலும் மலையிலும் இரண்டு முறை செய்வது வீண் வேலையல்ல.

வைஃபை கார்டு சேர்க்கவில்லை. சிலவற்றின் டிரைவரை இணையத்தில்தான் எடுக்க வேண்டும், அந்த இணையத்துக்குத்தான் கார்டே. கைபேசியை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போட்டால் லினக்ஸ் பெரும்பாலும் எதுவும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. எஸ்எம்பிஎஸ் வழக்கமான ஏடிஎக்ஸ் அளவில் வாங்கினேன். பெரிய நிறுவனங்களின் பழைய அலுவலக கம்ப்யூட்டர்கள் மலிவுதான், ஆனால் பலவற்றில் அவர்களுக்கே உரிய எஸ்எம்பிஎஸ். அது போனால் பக்கத்து ஊர்க் கடையில் மாற்றுக் கிடைக்காது. யுபிஎஸ் 600 விஏ, பாடம் நடத்த அல்ல, ஒழுங்காக அணைக்க.

அடுத்தது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல். மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பள்ளியில் கடிகாரம் ஓடுவது முழுக்க அதை நம்பித்தான். செல் தீர்ந்தால் தேதி பல ஆண்டு பின்னே போகும். வழக்கமாக இணையம் அதைச் சத்தமில்லாமல் திருத்திவிடும். இங்கே திருத்த ஆளில்லை. பிறகு ஒருநாள் கைபேசியை இணைத்து `sudo apt update` கொடுத்தால் `not valid yet` என்று பிழை வரும், பிரவுசரும் பல தளங்களைத் திறக்க மறுக்கும். ஆட்கள் நெட்டைத் திட்டுவார்கள். தேதியைத் திருத்தினால் அப்போதைக்கு எல்லாம் சரியாகும், செல்லை மாற்றினால் நிலைக்கும். கேபினெட்டின் உள்பக்கம் ஒரு புது செல்லை உறையோடு டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

எமிஸ் பதிவு மாதிரியான வேலைகளுக்கு இந்தப் பெட்டி தனியாக உதவாது. அதற்கு அந்த மாதாந்திர கைபேசி இணைப்புதான் வழி.