பெயரும் படிவமும்: ஜும்பா லாகிரியின் 'தி நேம்சேக்' நாவலில் பெயர்மாற்றம்

திறவுச்சொற்கள்: புலம்பெயர்வு, பெயரிடு மரபு, டாக்நாம், பாலோநாம், அடையாளம்

முன்னுரை

குடியேறியோரின் பெயர் சுருங்குவதற்கு ஒலிப்புச் சிக்கலையே காரணமாகக் கூறுவது வழக்கம். அயல்நாட்டார் நாவுக்கு வராத பெயர் நறுக்கப்படுகிறது; அதனோடு அடையாளமும் குறைகிறது என்பது இவ்விளக்கம். ஜும்பா லாகிரி 2003இல் வெளியிட்ட 'தி நேம்சேக்' நாவல் இதனைக் கேள்விக்குள்ளாக்குகிறது. இதன் நாயகன் நீதிமன்றம் சென்று கைவிடும் 'கோகோல்' ரஷ்யப் பெயர். ஏற்கும் 'நிகில்' இந்தியப் பெயர். எழுத்தளவில் நோக்கினால் இஃது ஆங்கிலமயமாதலுக்கு நேர்எதிரானது. ஆயினும் அங்கே ஓர் இழப்பு நேர்கிறது. அவ்விழப்பு யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு பெயர் மரபு

வங்காளிகளிடம் ஒருவருக்கு இரு பெயர்கள் இருப்பது மரபு. 'டாக்நாம்' வீட்டாரும் நெருங்கியோரும் கூப்பிடும் பெயர்; 'பாலோநாம்' பள்ளியும் அலுவலகமும் அறியும் பெயர். முன்னது பொருளற்ற செல்லச்சொல்லாகவும் இருக்கலாம். அது வீட்டு வாசலைத் தாண்டாது. பின்னதைத் தேர்ந்தெடுக்கக் காலம் தாழ்த்துவதும் இயல்பே. எனவே இம்மரபு இயங்க இரண்டு தேவை: அகத்தையும் புறத்தையும் பிரிக்கும் எல்லை, அவசரமற்ற காலம்.

படிவத்தின் குறுக்கீடு

1968இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகர மருத்துவமனையில் குழந்தை பிறக்கிறது. பெயரைத் தெரிவுசெய்யும் உரிமை அசிமாவின் பாட்டிக்கு உரியது. அவர் அனுப்பிய கடிதமோ வந்து சேரவில்லை. பிறப்புச் சான்றிதழ் இன்றிக் குழந்தையை வீட்டிற்கு அனுப்ப இயலாது என்கிறது மருத்துவமனை. தற்காலிக ஏற்பாடாகத் தந்தை அசோக் 'கோகோல்' என்ற செல்லப்பெயரை எழுதித் தருகிறார். படிவம் அதனை நிலையான பெயராக்கிவிடுகிறது.

மழலையர் பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோர் 'நிகில்' என்ற பாலோநாமைத் தருகின்றனர். பள்ளித் தலைவியோ சிறுவனின் விருப்பத்தைக் கேட்டு, 'கோகோல்' என்றே பதிவுசெய்கிறார். அவரிடம் பகைமையோ ஏளனமோ இல்லை. குழந்தையின் விருப்பத்தை மதிப்பதாகவே அவர் கருதுகிறார். எவரும் தீங்கு நினைக்காத இடத்திலேயே ஒரு மரபு முறிகிறது. இரு நிகழ்வுகளிலும் பெயரின் ஒலி சிதையவில்லை. அகப்பெயர் புறத்தே இழுக்கப்பட்டமையே நேர்ந்த மாற்றம்.

இதன் விளைவு மகள் பிறக்கும்போது தெளிவாகிறது. முன்அனுபவத்தால் பெற்றோர் அவளுக்கு 'சோனாலி' என்ற ஒரே பெயரையே இடுகின்றனர். அது 'சோனியா' எனப் பல நாடுகளுக்கும் பொருந்தும் வடிவம் பெறுகிறது. மகனிடத்தில் பெயர்கள் இடம்மாறின. மகளிடத்தில் இரு பெயர் மரபே கைவிடப்பட்டது. பிந்தையது ஓசையின்றி நிகழ்வதால் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை.

மாற்றிய பெயரும் மாறாத பெயரும்

பதினெட்டாம் வயதில் கோகோல் நீதிமன்றத்தில் தன் பெயரை நிகில் என மாற்றிக்கொள்கிறான். அவன் தொடாமல் விட்ட 'கங்குலி', 'கங்கோபாத்யாய' என்பதன் ஆங்கிலேயர் காலச் சுருக்கம் என்பதை நாவலே சுட்டுகிறது. மரபுப் பெயராகத் தோன்றுவது முன்னரே சுருங்கியது; 'நிகில்' என்ற இந்தியப் பெயரும் 'நிக்' எனக் குறுகும் வாய்ப்புடையது. ஆகவே 'தூய பெயர் – சிதைந்த பெயர்' என்ற எதிர்வு இங்கு நிலைக்காது.

நிகில் என்ற பெயரால் அவனை அறிவோர் பெருகுகின்றனர். 1961ஆம் ஆண்டு ரயில் விபத்தில் தந்தை உயிர்பிழைக்கக் காரணமானது அவர் கையிலிருந்த நிகோலாய் கோகோலின் நூல் என்பதை அவன் பெயர் மாற்றிய பின்னரே அறிகிறான். நாவலின் இறுதியில் தந்தை இல்லை. தாய் ஆண்டின் பாதியை இந்தியாவில் கழிக்க ஆயத்தமாகிறாள். 'கோகோல்' என அழைப்போர் அருகிவிட்ட நிலையில்தான் அப்பெயரின் மதிப்பு அவனுக்குப் புலப்படுகிறது. சட்டத்தால் அழியாத பெயர் அழைப்பார் இன்மையால் அழியும்.

தமிழ்ச் சூழலுடன் ஒப்பு

தமிழரின் தலைப்பெழுத்து மரபும் இத்தகைய படிவத்தைச் சந்திக்கிறது. குடும்பப்பெயருக்கான கட்டத்தில் தந்தை பெயரை நிரப்பும் தமிழர், அயல்நாட்டு அலுவலகங்களில் தந்தையின் பெயராலேயே விளிக்கப்படுகிறார். இங்கும் எழுத்து மாறவில்லை; பெயரின் உறுப்புகள் ஆற்றும் பணியே மாறிவிடுகிறது. ஆயின் வங்காளிகளின் இழப்பு அகம்–புற எல்லை சார்ந்தது. தமிழர் இழப்பு தலைமுறை வரிசை சார்ந்தது. இவ்வேறுபாட்டைப் புறக்கணித்து இரண்டையும் 'அடையாளச் சிக்கல்' என ஒருசேரச் சுட்டுவது பொருந்தாது.

முடிவுரை

இந்நாவல் கல்வியும் வசதியும் வாய்ந்த குடும்பத்தைப் பற்றியது; பிழைப்புக்காக முதலாளியிடம் பெயரை விட்டுக்கொடுக்க நேரும் தொழிலாளர் நிலை இதில் இடம்பெறவில்லை. அவ்வரம்புக்குள்ளும் இது ஒன்றைத் தெளிவுறுத்துகிறது: பெயரின் வடிவம் காக்கப்பட்டாலும், அதனை யார், எங்கு, எப்போது அழைப்பது என்னும் ஒழுங்கு குலையலாம். எனவே புலம்பெயர் இலக்கியத்தில் பெயரை ஆராய்வோர், எழுத்துகள் எத்தனை குறைந்தன என்பதோடு, அழைப்போர் எவ்வாறு மாறினர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.