நாட்டாமை வண்டியிலிருந்து ஊர்சுற்றி வண்டி வரை: ஒரு பிராண்டின் குணத்தை ரசிப்பது எப்படி?

கிரிக்கெட் இடைவேளையில் வரும் மோட்டார் சைக்கிள் விளம்பரங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பனிமலை வரும், வளைந்து ஏறும் சாலை வரும், தாடியில் தூசி படிந்த ஒருவன் தனியாக வருவான். உச்சியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தூரத்தை வெறிப்பான். கடைசியில் பெயர் தெரியும் சில விநாடிகளைக் கையால் மறைத்துக்கொண்டால் இது எந்தக் கம்பெனி விளம்பரம் என்று சொல்ல முடியாது. வண்டி விளம்பரம்தானா என்பதே சந்தேகம். ஜீப்பாக இருக்கலாம், தோள்பையாக இருக்கலாம், ஆயுள் காப்பீடாகக்கூட இருக்கலாம். இந்த ஆள் இத்தனை விளம்பரங்களில் வந்து நிற்பது தற்செயல் அல்ல. அவன் ஒரு முறையின் பிள்ளை. நல்ல முறைதான், அதிகம் புழங்கித் தேய்ந்துவிட்டது.

அந்த முறைக்கு பிராண்ட் ஆர்க்கிடைப் என்று பெயர். தமிழில் தொல்படிமம் என்கிறோம். விளம்பரத் துறையிலிருந்து வந்த மார்கரெட் மார்க், தொல்படிமங்களைப் பற்றி ஏற்கெனவே எழுதிவந்த கேரல் பியர்சன் என்ற இருவர் 2001இல் ‘தி ஹீரோ அண்ட் தி அவுட்லா’ என்ற புத்தகத்தில் இதை வகுத்துக் கொடுத்தார்கள். கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பன்னிரண்டு வகை மனிதர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிராண்டும் அவர்களில் ஒருவராக நடந்துகொண்டால் மக்கள் மனதில் நிற்கும் என்றார்கள். வீரர், கலகக்காரர், ஞானி, வெகுளி, கோமாளி, படைப்பாளி என்று அந்த வரிசை போகும். விளம்பர அலுவலகங்களில் இதை ‘யுங்கின் பன்னிரண்டு’ என்று சொல்லக் கேட்கலாம். கார்ல் யுங் தொல்படிமங்களைப் பற்றி நிறைய எழுதினார் என்பது சரி. ஆனால் பிராண்டுகளுக்கான இந்தப் பன்னிரண்டு பேர் பட்டியல் அவர் போட்டதல்ல.

பட்டியலில் எனக்குப் பயனுள்ளதாகத் தெரிவது பெயர்கள் அல்ல, ஒவ்வொருவருக்கும் அவர்கள் எழுதிவைத்த மூன்று குறிப்புகள்: இவருக்கு எதில் ஆசை, எதைக் கண்டு பயம், எந்தக் குழியில் விழுவார். நமக்கு இங்கே இரண்டு பேர் போதும். ஒருவர் ஆள்பவர், நம் ஊர்க் கணக்கில் நாட்டாமை. எல்லாம் தன் பிடியில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒழுங்கு குலைவதும் தன்னை யாராவது இறக்கிவிடுவதும் அவர் பயம். அதிகாரம் தலைக்கேறி அதட்ட ஆரம்பிப்பது அவர் விழும் குழி. இன்னொருவர் ஊர்சுற்றி. சுற்றித் திரிந்து தான் யார் என்று கண்டுகொள்வது ஆசை. ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வதும் கூட்டத்தில் ஒருவனாகிவிடுவதும் பயம். இலக்கில்லாமல் அலைந்து எங்கும் ஒட்டாமல் போவது குழி.

இந்த இருவரையும் ஒரே வண்டியில் பார்க்க முடியும். ராயல் என்ஃபீல்டைத்தான் சொல்கிறேன். அந்தக் கம்பெனி இந்தப் பன்னிரண்டு பேரின் அட்டைகளை மேசையில் பரப்பித்தான் முடிவெடுத்தது என்று நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து, வண்டியையும் விளம்பரத்தையும் வைத்துப் படிக்கிறோம், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் பிறந்த புல்லட், 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக வாங்கியபோது இங்கே காலூன்றியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. ராணுவம், போலீஸ், பிறகு பண்ணையார் வீட்டு முற்றம். நம் சினிமாவில் புல்லட்டில் யார் வந்து இறங்கினார்கள் என்று யோசித்தால் போதும். புல்லட் வந்தால் எல்லோரும் வழிவிடுவார்கள் என்பதுதான் பழைய விளம்பரம் ஒன்றின் சாரமே.

வண்டியும் அந்தக் குணத்துக்கு ஒத்துப்போனது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவன் இதில் ஏறினால் தடுமாறுவான். கிளப்பவும் ஒரு பக்குவம் வேண்டும்: டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, விட்டுவிட்டு, பிறகு ஓங்கி ஒரே உதை. தெரியாதவன் உதைத்தால் வண்டி திருப்பி உதைக்கும். வார்ப்பிரும்பு எஞ்சினின் ‘தட்தட்’ தெருமுனையிலேயே ஆள் வருவதைச் சொல்லிவிடும். இதையெல்லாம் விளம்பரக்காரர்கள் ஒட்டவைக்கவில்லை. அடக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் அடங்கும் வண்டி, தானாகவே நாட்டாமை வண்டியானது. குணத்தைத் தேடும்போது விளம்பரத்துக்கு முன்னால் பொருளைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் நாட்டாமைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். 1994இல் ஐஷர் குழுமம் கம்பெனியை வாங்கியது. 2000இல் சித்தார்த்த லால் பொறுப்பேற்றபோது மாதம் சுமார் 2,000 வண்டிதான் விற்றது; மூடிவிடலாமா என்ற பேச்சும் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைக் கவனித்தால் ஒரு பிராண்டின் குணம் மாறுவது எவ்வளவு மெதுவான வேலை என்று தெரியும். கியர் படிப்படியாக இடது காலுக்கு மாறியது. பட்டனைத் தட்டிக் கிளப்பும் வசதி வந்தது. வார்ப்பிரும்பு போய் அலுமினிய எஞ்சின் வந்தது. பழைய ஆட்கள் சத்தம் போய்விட்டது என்று முணுமுணுத்தார்கள். சத்தம் மட்டும் போகவில்லை, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று ஆகிவிட்டது என்பதுதான் உண்மையான வருத்தம் என்று நினைக்கிறேன். இன்னொரு பக்கம் டெல்லியில் கிளம்பி லடாக்கின் கர்துங் லா வரை போகும் ‘ஹிமாலயன் ஒடிஸி’ போன்ற கூட்டுப் பயணங்களைக் கம்பெனியே ஆண்டுதோறும் நடத்தியது. முன்பு புல்லட் வைத்திருப்பவன் யார் என்பது கேள்வி. இப்போது அவன் எங்கே போய்வந்தான் என்பது கேள்வி.

2016இல் வந்த ‘ஹிமாலயன்’ இந்த மாற்றத்தின் உச்சம். எங்காவது அந்த வண்டி நின்றால் பக்கத்தில் போய் நிதானமாகப் பாருங்கள், ரசிக்க நிறைய இருக்கிறது. முன்சக்கரம் 21 அங்குலம். கல்லிலும் குழியிலும் ஏறி இறங்குவதற்கு. முன் சஸ்பென்ஷன் 200 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். டேங்குக்கு இரு பக்கமும் கம்பிச் சட்டம், எரிபொருள் கேன் மாட்டிக்கொள்ள. எஞ்சின் 411 சிசி, ஆனால் திறன் 24.5 குதிரைத்திறன்தான், வேகப்பிரியர்களுக்கு இது ஏமாற்றம், மலையில் மெதுவாக நாள் முழுக்க ஓட்டுபவனுக்குப் போதும். வேகத்தில் எல்லோரையும் தோற்கடிக்க வேண்டும் என்பது வீரரின் ஆசை, ஊர்சுற்றியுடையது அல்ல. அந்த ஆசையை வேண்டாம் என்று விட்டதில்தான் குணம் தெரிகிறது. மீட்டர் பலகையில் ஒரு திசைகாட்டியும் வைத்தார்கள். கையில் போன் இருக்கும் காலத்தில் அதற்குப் பாதி வேலைதான், மீதிப் பாதி அலங்காரம். இருந்தாலும் நான் அதை மன்னிப்பேன். சக்கரமும் சஸ்பென்ஷனும் உண்மையாக இருக்கும்போது ஓர் அலங்காரம் உறுத்தாது.

அலங்காரம் மட்டும் எஞ்சும்போதுதான் தேய்வழக்கு தொடங்குகிறது. அது எப்படி நடக்கிறது என்று தெரிய விளம்பரக்காரர்களின் பட்டறை அறையை எட்டிப் பார்க்க வேண்டும். முறையாகச் செய்தால் முதலில் பொருளைப் பிரித்துப் பார்ப்பார்கள், பயன்படுத்துபவர்களிடம் பேசுவார்கள், போட்டியாளர்கள் எந்தப் படிமத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வரைந்துகொள்வார்கள். கடைசியில்தான் அட்டை. அவசரத்தில் நடப்பது வேறு. காலையில் அட்டைகளைப் பரப்புவார்கள். முதலாளிக்குப் பிடித்த அட்டை மதியத்துக்குள் ஜெயிக்கும். ‘ஊர்சுற்றி’ என்று முடிவானதும் ஆசை, பயம், குழி மூன்றையும் யாரும் படிப்பதில்லை. நேராகப் படத்தொகுப்புக்குப் போவார்கள். அங்கே மலை இருக்கிறது, தூசி இருக்கிறது, தாடி இருக்கிறது. ஆளை விட்டுவிட்டு அவன் உடையை மட்டும் வாங்கி வந்துவிடுகிறார்கள்.

கர்துங் லா பலகையே இதற்கு நல்ல சாட்சி. 18,380 அடி என்று எழுதியிருந்த மஞ்சள் பலகையின் முன் எத்தனை வண்டிகள் படம் எடுத்துக்கொண்டன என்று கணக்கில்லை. அளந்து பார்த்தவர்கள் அந்தக் கணவாயின் உயரம் 17,582 அடிதான் என்கிறார்கள். பலகையைத் திருத்தச் சொல்லி எந்த விளம்பரமும் கேட்டதாகத் தெரியவில்லை! தேடிப் போவதுதான் ஊர்சுற்றியின் குணம் என்றால், எல்லோரும் நின்ற அதே பலகை முன்னால் போய் நிற்பவன் யார்? கூட்டத்தில் ஒருவனாகிவிடுவோமோ என்ற அவனுடைய சொந்தப் பயம் அங்கேயே பலித்துவிட்டது.

ஆக, பெயரை மறைத்துப் பார்ப்பது முதல் சோதனைதான். அதைவிடக் கூர்மையானது இன்னொன்று: இந்தக் குணம் இருப்பதால் இந்த பிராண்ட் எதைச் செய்ய மறுத்தது என்று தேடுங்கள். அமெரிக்காவின் பட்டகோனியா, மலையேறுபவர்களுக்குத் துணிமணி செய்யும் கம்பெனி. 2011இல் அங்கே வருடத்தின் பெரிய தள்ளுபடி நாளில், நியூயார்க் டைம்ஸில் தன் ஜாக்கெட் படத்தைப் போட்டு ‘இதை வாங்காதீர்கள்’ என்று முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அதை ஒன்று செய்ய எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்றும் சொன்னது. அந்த விளம்பரத்தில் மலை இல்லை, ஆளும் இல்லை. ஆனாலும் யார் பேசுவது என்பதில் சந்தேகமே வராது. அதுவும் ஒரு விற்பனைத் தந்திரம்தானே என்று கேட்டவர்கள் உண்டு. இருக்கட்டும், நூறு கம்பெனிகளில் எத்தனை அந்தத் தந்திரத்தைச் செய்யத் துணியும்?

மூன்றாவது சோதனை இன்னும் எளிது. விளம்பரத்தை விட்டுவிட்டு சர்வீஸ் சென்டர் குறுஞ்செய்தியையும் உத்தரவாத அட்டையையும் படியுங்கள். டிவியில் ‘கட்டுகளை உடை’ என்று பேசிய பிராண்ட், அட்டையில் ‘அங்கீகரிக்கப்படாத இடத்தில் கைவைத்தால் உத்தரவாதம் ரத்து’ என்று மிரட்டினால், உள்ளே இருப்பது ஊர்சுற்றி அல்ல, பழைய நாட்டாமையேதான்.

எல்லாப் பொருளுக்கும் இந்த முறை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். உப்புக்கும் பனியன் ஜட்டிக்கும் பன்னிரண்டு பேரில் ஒருவரைத் தேடி அலைவது வீண். அங்கே விலையும் தரமும் பக்கத்துக் கடையில் கிடைப்பதும் பேசும். ஒரு துறையில் எல்லோரும் ஒரே படிமத்தைப் பிடித்துக்கொண்டால் அங்கேயும் அது குணமாக இருப்பதில்லை, சீருடையாகிவிடுகிறது. இன்றைய மோட்டார் சைக்கிள் விளம்பரங்களில் மலை அப்படித்தான் ஆகிவிட்டது.

இதை ராயல் என்ஃபீல்டும் உணர்ந்திருக்கும் என்று தோன்றுகிறது. 2022இல் வந்த ‘ஹண்டர் 350’ மலைக்கான வண்டி அல்ல. ‘கிளாசிக்’ 195 கிலோ என்றால் இது 181 கிலோ. சக்கரங்கள் 17 அங்குலம், நெரிசலில் வளைத்து ஓட்டத் தோதாக. விளம்பரமும் நகரத்துத் தெருக்களிலும் வண்ணச் சுவர்களுக்கு நடுவிலும்தான் நடக்கிறது. ஊர்சுற்றியை அவன் ஊருக்குள்ளேயே சுற்றவிடுகிறார்கள். துணிச்சலான யோசனை, ஆனால் எனக்கு முழுத் திருப்தி இல்லை. சுவர் ஓவியமும் வேறொரு வகையில் மலையைப் போலவே எல்லோரும் போட்டுக்கொள்ளும் உடையாகிவருகிறது.

அடுத்த சோதனை இதைவிடக் கடினம். 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ என்ற மின்சார வண்டியைக் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் வீரர்களோடு பாராசூட்டில் இறக்கிய ஒரு சின்ன வண்டியின் பெயர் அது. இதில் நாட்டாமையின் ‘தட்தட்’ இல்லை. ஒரு சார்ஜில் நகரத்துக்குள் ஓடவே செய்திருப்பதால், ஊர்சுற்றியின் நெடும்பயணமும் இல்லை. பெயரில் மட்டும் வானத்திலிருந்து குதித்த ஒரு கதை இருக்கிறது. அதன் விளம்பரம் டிவியில் வரும்போது சத்தத்தை அணைத்துவிட்டு, மலை வருகிறதா என்று பாருங்கள்.