ப்ளீஸ் போட்டால் போதுமா?

'ப்ளீஸ்' என்றால் எல்லோருக்கும் ஒரே மரியாதை, தமிழ்தான் ஆளுக்கொரு ஏவல் வைத்திருக்கிறது என்று படித்தவர்கள் வாதிடுவதை அடிக்கடி கேட்கிறேன். அதில் பாதி உண்மை. தமிழ் ஏவல் ஆளை அளக்கத்தான் செய்கிறது. ஈ, தா, கொடு மூன்றையும் தொல்காப்பியமே தகுதி பார்த்துப் பிரித்தது: தாழ்ந்தவன் 'ஈ' என்று கேட்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். அந்த அளவுகோலைச் சாதி கெட்டியாகப் பிடித்துக்கொண்டதையும் மறுக்க முடியாது.

ஆனால் 1820-களிலிருந்து காப்பி விளையும் சேர்வராயன் மலைக்கு வந்து பாருங்கள். ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில், பறித்த பழத்தை மாலையில் எடை போடும் இடத்தில், ஆங்கிலப் பள்ளியில் படித்த ஓர் இளைஞர் தன் பாட்டி வயதுப் பெண்ணிடம் சொன்னதைக் கேட்டேன்: "ப்ளீஸ், அந்தச் சாக்கைத் தூக்கு." முன்னால் வந்த ப்ளீஸ் அந்த ஒருமையைத் துளியும் மாற்றவில்லை. தமிழில் மரியாதை வினையின் முடிவில் இருக்கிறது. உயர்ந்தவன் சொல்லாக இருந்த அந்தக் 'கொடு'கூட இன்று 'கொடுங்க' ஆனதும் பணிவாகிவிடுகிறது.

அதே சாக்குக்கு எத்தனை படிகள் இருக்கின்றன என்று பாருங்கள். 'தூக்குங்க' என்றால் மரியாதையான கட்டளை. 'கொஞ்சம் தூக்கிக் குடுங்க' என்றால், அது எனக்குச் செய்யும் உதவி என்று ஒப்புக்கொள்கிறேன். 'தூக்கிக் குடுக்கிறீங்களா?' என்றால் மறுக்கவும் இடம் விடுகிறேன். 'தூக்குங்களேன்' என்பதில் உரிமையும் கெஞ்சலும் கலந்திருக்கும். முன்பின் தெரியாதவரிடம் அது பொருந்தாது. இவற்றில் எதற்கும் 'தயவுசெய்து' தேவைப்படவில்லை.

ஆங்கிலத்தின் 'குட் யூ'வை அப்படியே கொண்டுவந்து 'தூக்க முடியுமா?' என்று கேட்டால், அந்தப் பெண்ணின் காதில் அது தன் உடல்வலிமை பற்றிய கேள்வியாக விழும். "ஏன், முடியாதா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் தவறு அவருடையதல்ல. 'லெட் அஸ்' இன்னும் மோசம். 'தூக்கிடலாமா?' என்பது 'நாம்' என்று கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல். சொல்பவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அது வெறும் பொய்.

ஆகவே ப்ளீஸ் சமத்துவம் தருகிறது என்பதை நான் ஏற்கவில்லை. தமிழில் அது ஒருமைக்குத் திரையாகிறது. சொன்னவருக்குப் பண்பாகப் பேசிவிட்ட நிறைவையும் தந்துவிடுகிறது. அளவுகோல் கோணலாக இருந்தால், எல்லோருக்கும் 'ங்க' சொல்லி நிமிர்த்தலாம். தோட்டத்து மேஸ்திரிக்குச் சொல்வதைச் சாக்குத் தூக்கும் பெண்ணுக்கும் சொல்ல எந்த இலக்கணமும் தடையில்லை. பிள்ளைகளுக்கு ப்ளீஸ் கற்றுக்கொடுக்கும் பெற்றோரே, அதற்கு முன் இந்த 'ங்க'வைக் கற்றுக்கொடுங்கள்.