பாசமலர் பாட்டை அனுப்பினால் மன்னிப்புக் கேட்டதாகுமா?

அண்ணன் தங்கைக்குள் பேச்சுவார்த்தை நின்று வருஷங்கள் ஓடிவிட்டால், முதலில் யார் பேசுவது என்பதே பெரிய சிக்கலாகிவிடுகிறது. இப்போது பல வீடுகளில் அதற்குக் கண்டிருக்கும் வழி, வாட்ஸ்அப்பில் ஒரு பழைய பாட்டை அனுப்புவது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ முதல்நாள் ராத்திரி, ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் பாட்டு மட்டும் போய்ச் சேரும். அப்படிப் போகிற பாட்டு பெரும்பாலும் ‘பாசமலர்’ படத்தின் தாலாட்டாகத்தான் இருக்கும்.

இந்த வழக்கத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. போன் அடித்தால் எதிர்முனை எடுக்க வேண்டும், இல்லை கட் பண்ண வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அது ஒரு முடிவாகிவிடும். பாட்டு அப்படி நெருக்குவதில்லை. வாங்கியவர் கேட்கலாம், கேட்காமல் விடலாம், நாலு நாள் கழித்துப் பதில் போடலாம். நீண்ட மனஸ்தாபத்தில் இருப்பவருக்கு இந்த அவகாசம் ரொம்ப முக்கியம். அனுப்பியவருக்கும் மானம் போவதில்லை. சண்டைக்கு முந்தைய காலத்தையும் ஒரு பல்லவி நொடியில் கூட்டிவந்துவிடுகிறது. எழுதிய கடிதம் அவ்வளவு சீக்கிரம் அங்கே போகாது.

சிக்கல் பாட்டுக்குள்ளேதான் இருக்கிறது. 1961இல் பீம்சிங் இயக்கிய அந்தப் படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் அண்ணன் தங்கை. குடும்பப் பூசலில் பிரிந்திருக்கும் இருவரும் அவரவர் குழந்தையைத் தாலாட்டுகிறார்கள். கண்ணதாசன் வரிகளை டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் மாறிமாறிப் பாடுகிறார்கள். பழைய நெருக்கம், பிரிவின் வலி, பிள்ளைகள் வழியாக உறவு தொடர வேண்டும் என்ற ஆசை எல்லாம் அதில் வருகிறது. ஆனால் அண்ணன் பாடுவது தங்கையின் காதில் விழுவதில்லை, தங்கை பாடுவது அண்ணனுக்குப் போய்ச் சேர்வதில்லை. கேட்பது ஒன்றும் அறியாத குழந்தை. படத்தில் அந்தப் பாட்டால் சண்டை தீரவும் இல்லை. இருவரும் கைகோக்கும்போது சாவு வந்துவிடுகிறது. பேச முடியாதவர்களின் ஏக்கத்தை அவ்வளவு அழகாகச் சொன்ன பாட்டு தமிழில் வேறு இல்லை என்றே நினைக்கிறேன். அதனாலேயே அதை மன்னிப்புப் பாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ‘உன்னை நினைத்து அழுகிறேன்’ என்று அது சொல்கிறது. ‘நான் செய்தது தப்பு’ என்ற இடத்துக்கு அது வருவதே இல்லை.

தமிழ் சினிமாவின் அண்ணன் தங்கைப் பாட்டுகளை வரிசையாகக் கேட்டால் இந்தக் குறை தெளிவாகத் தெரியும். தாலாட்டு உண்டு, மறுவீடு அனுப்பும் பாட்டு உண்டு, தாய்மாமன் சீர் கொண்டுவரும் பாட்டு உண்டு. ‘கிழக்குச் சீமையிலே’ படத்தில் (1993) வைரமுத்துவும் ஏ.ஆர்.ரகுமானும் சேர்ந்து அந்தச் சீர் ஊர்வலத்தை எத்தனை கோலாகலமாகப் பாட்டாக்கினார்கள்! ஆனால் அண்ணன் தன் தப்பைப் பேர் சொல்லி ஒத்துக்கொள்ளும் பாட்டைத் தேடினால் கைக்குக் கிடைப்பது அபூர்வம். ‘முள்ளும் மலரும்’ (1978) கடைசிக் காட்சியில் காளியின் பிடிவாதம் இளகுவது பேச்சில்தான், பாட்டில் இல்லை. மகேந்திரன் அந்த இடத்தில் பாட்டு வைக்காதது எவ்வளவு சரியான முடிவு!

சீர்ப் பாட்டு கொடுக்கிறவனின் பாட்டு. சண்டை சொத்தைப் பற்றியதாக இருந்தால் அதுவே புண்ணைக் கிளறும். 1989இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம், அதற்கு முன் மணமாகியிராத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 2005இன் மத்தியத் திருத்தம் மணமான காலத்தைப் பார்க்காமல் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. சட்டம் ஒருபக்கம் இருக்க, ‘அதான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே’ என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்குவது இன்னும் நடக்கிறது. அந்தக் கையெழுத்துக்காக மனம் கசந்திருப்பவளுக்கு அண்ணன் சீர்ப் பாட்டை அனுப்பினால் அவள் காதில் என்னவாக விழும்? ‘நான் உனக்கு எவ்வளவு செய்தேன் பார்’ என்றுதான் விழும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுவே நடந்தது. அப்பா இறந்த மூன்றாம் மாதம் கிணற்றடி நிலத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதியாயிற்று. தங்கை கையெழுத்துப் போட்டாள், ஆனால் பொங்கல் சீரை வேண்டாமென்று திருப்பி அனுப்பினாள். அதோடு வரப்போக்கு நின்றது. சில வருஷம் கழித்து அண்ணன் சீர்ப் பாட்டு ஒன்றைக் குடும்பக் குரூப்பில் போட்டு, தங்கையின் பெயரையும் டேக் செய்தார். சித்தப்பா, பெரியம்மா, மச்சான் எல்லோரும் கண்ணீர் இமோஜி போட்டார்கள். தங்கை அன்றைக்கே குரூப்பை விட்டு வெளியேறிவிட்டாள். எல்லோர் முன்னும் பாசத்தைக் காட்டிவிட்டதால், மன்னிக்காதவள் கல்நெஞ்சக்காரி என்று ஆகிவிட்டதே, அதுதான் அவளைச் சுட்டது. மன்னிக்க மறுப்பதற்கும் அவளுக்கு இடம் இருக்க வேண்டும். தனியாக அனுப்பிய பாட்டு அந்த இடத்தை விட்டுவைக்கிறது. குரூப்பில் போட்டதும் ஸ்டேட்டஸில் வைத்ததும் அதைப் பறித்துக்கொள்கின்றன.

தங்கை மனம் கசந்து அனுப்பும் பாட்டிலும் இதே அபாயம் உண்டு. கண்ணதாசனே ‘பழநி’ (1965) படத்துக்கு, உடன்பிறந்த உறவையே சாடுகிற பாட்டு ஒன்று எழுதினார். தயாரிப்பாளரான தன் அண்ணன் ஏ.எல்.சீனிவாசன்மேல் வந்த மனத்தாங்கலில் பிறந்தது அது என்று திரையுலகில் சொல்வதுண்டு. பாசமலர் தாலாட்டையும் இதையும் எழுதியது ஒரே பேனா, இரண்டு படங்களையும் எடுத்ததும் ஒரே பீம்சிங். இந்த இரண்டாவது பாட்டைச் சமாதானத்துக்கு அனுப்புகிறவர் உண்மையில் குற்றப்பத்திரிகை அனுப்புகிறார்.

தப்பைப் பேர் சொல்லிப் பாடும் மரபு தமிழில் இல்லாமல் இல்லை. ஒப்பாரியில் உண்டு. அண்ணன் சாவுக்கு வந்த தங்கை, எந்த வருஷம் எந்தத் திருவிழாவுக்கு அழைக்காமல் விட்டான், எந்த விசேஷத்தில் யார் முன்னால் அவமானப்படுத்தினான் என்று ஊர் கேட்கப் பாடி அழுவாள். அதே மூச்சில் அவனை மன்னிக்கவும் செய்வாள். சினிமாப் பாட்டு தொடாத விவரமும் துணிச்சலும் அந்தப் பாட்டில் இருக்கின்றன. கேட்க வேண்டியவன்தான் இல்லை. உயிரோடு இருக்கும் அண்ணனிடம் அதைச் சொல்ல ஒரு பாட்டு நம்மிடம் உருவாகவில்லை. நம் பாட்டாசிரியர்கள் இன்னும் எழுதாமல் வைத்திருக்கும் பாட்டு அது.

அதுவரைக்கும், பாசத்தைப் பேசும் பாட்டைவிட இருவரும் சேர்ந்து கேட்ட ஏதோ ஒரு பாட்டு மேல் என்பது என் கட்சி. இலங்கை வானொலியில் சேர்ந்து கேட்டது, டவுன் பஸ்ஸில் திரும்பத் திரும்ப ஓடியது, காதல் பாட்டோ கேலிப் பாட்டோ, எதுவானாலும் சரி. அதில் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. யாரும் அழவுமில்லை, அதனால் பதிலுக்கு அழ வேண்டிய கட்டாயமும் இல்லை. அதன் கீழே தன் சொந்த நடையில் ஒரு வாக்கியம் இருந்தாக வேண்டும். நிலம் என்றால் நிலம், கல்யாணத்தில் சொன்ன சொல் என்றால் அந்தச் சொல். ‘ஏதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சிரு’ என்பது அந்த வாக்கியம் ஆகாது. எது தப்பு என்று கண்டுபிடிக்கும் வேலையையும் அது அடிபட்டவர் தலையிலேயே கட்டிவிடுகிறது.

மேலே சொன்ன அண்ணன் அடுத்த தையில் அப்படித்தான் செய்தார். சின்ன வயதில் இருவரும் கூரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்ட ஒரு கேலிப் பாட்டைத் தனியாக அனுப்பி, ‘கிணத்தடி நெலத்துல உன்னைக் கேக்காமலே பத்திரம் தயார் பண்ணிட்டேன், அது தப்பு’ என்று கீழே எழுதினார். பதினோரு நாள் பதில் இல்லை. பிறகு தங்கை போன் செய்தாள், பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பத்திரத்தின் நகலைக் கேட்டாள். அவர் அனுப்பிவைத்தார். பங்கு விவகாரம் இன்னும் முடியவில்லை, இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.