அண்ணன் மணிக்கு அகவை 10: ஒரு பிறந்தநாள் வாசகத்தை ரசிப்பது எப்படி?

வளர்ப்பு நாய்க்கோ பூனைக்கோ எழுதும் பிறந்தநாள் வாசகம், ஒரு படமும் அதன் கீழே நாலு வரியும்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு விரலைத் தள்ளுகிறவர்களே அதிகம். ரசிக்க வேண்டியது அந்த நாலு வரியில் இருக்கிறது. மாதிரிக்கு, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு வீட்டு நாட்டு நாய்க்கு இப்படி ஒரு வாசகம் எழுதப்பட்டதாக வைத்துக்கொள்ளலாம்:

முடிச்சூரின் முடிசூடா மன்னர் அண்ணன் மணி அவர்களுக்கு அகவை 10!
கேட்டுக்கு உள்ளே நிற்கும்வரை அஞ்சா நெஞ்சர்.
தீபாவளி என்றால் கட்டிலுக்கு அடியில் முகாம்.
2015 வெள்ளத்தில் வண்டி போனது. இவன் வந்தான்.

முதல் வரி பேனர் தமிழ். ‘அகவை’, ‘அண்ணன்’, ‘அவர்கள்’ எல்லாம் தெருமுனையில் கட்சிக்காரர்களுக்கு வைக்கும் பேனரிலிருந்து இறங்கி வந்த சொற்கள். இதை மனதுக்குள் மைக் பிடித்து வாசித்தால்தான் சுவை. பட்டம் பெரிதாகவும் ஆள் சிறிதாகவும் இருப்பதில்தான் சிரிப்பு. அடுத்த இரண்டு வரிகள் பட்டத்தை உருவுகின்றன. புகழ்வதுபோலப் பழிக்கும் இதைப் பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்பார்கள். கேட்டுக்குள் நின்று குரைப்பதும் வெடிக்குப் பயந்து பதுங்குவதும் பல நாய்களுக்குப் பொருந்தும் என்பதால் இந்த வரிகளை மெச்சிவிட்டு நகர்ந்துவிடலாம்.

நிற்க வேண்டிய இடம் நாலாவது வரி. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. கொட்டியது. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. அந்தப் பகுதியில் ‘வண்டி போனது’ என்ற இரண்டு சொல்லே போதும். தண்ணீரில் மூழ்கிய எஞ்சினும் மெக்கானிக் கடை வரிசையும் கேட்பவர் கண்ணில் வந்துவிடும். அந்த நட்டத்துக்குப் பக்கத்திலேயே, வெள்ளத்தில் ஒதுங்கிய குட்டியை வரவாக வைக்கிறது வாசகம். வண்டி பெரிதா, நாய் பெரிதா என்று அது சொல்லவில்லை. கணக்கை எழுதிவிட்டுக் கூட்டாமல் விட்டுவிடுகிறது.

இன்னும் நுட்பமானது வினைமுற்று. வண்டி ‘போனது’, நாய் ‘வந்தான்’. இலக்கணப்படி இரண்டுமே அஃறிணை. ஆனால் நன்னூல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. உவப்பினால் திணை மாறினால் அது பிழையாகாது, வழுவமைதி. பசு வருவதைப் பார்த்து அம்மா வந்தாள் என்று சொல்வதைத்தான் ஆசிரியர்கள் இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். பவணந்தி முனிவர் உவப்போடு உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றையும் காரணமாகச் சொல்கிறார். முதல் வரியின் ‘அவர்கள்’ வேண்டுமென்றே போட்ட வேஷம். கடைசி வரியின் ‘இவன்’ வேஷமில்லை. அந்த வீட்டில் தினமும் புழங்கும் சொல் தன்னையறியாமல் எழுத்துக்குள் வந்துவிட்டது. இத்தகைய வாசகங்களில் பாசம் ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் இந்த விகுதிதான். ‘இது வந்தது’ என்று மாற்றி வாசித்தால் வரி உடனே செத்துப்போவதைக் காணலாம்.

பூனை வாசகத்தில், செல்லத்தைக் கேலி செய்யும் இந்த ஏற்பாடு தலைகீழ். அங்கே பூனை வீட்டுக்காரி, மனிதர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். கேலி எழுதியவர்மேலேயே விழும்.

வாசகம் கெடுவது இரண்டு விதத்தில். ஒன்று, ‘நீதான் எங்கள் உலகம், செல்லமே’ வகை. மணி என்ற பெயரை எடுத்துவிட்டு ஜிம்மி என்று போட்டாலும் அப்படியே பொருந்தும். நாலாவது வரியை வேறு நாய்க்குக் கொடுக்க முடியாது. மற்றொன்று, நல்ல வரிக்குப் பிறகு விளக்கம் சேர்ப்பது. ‘இவன் வந்தான்’ என்பதற்கு அடுத்து ‘அன்று முதல் எங்கள் துயரமெல்லாம் மறந்தோம்’ என்று ஐந்தாவது வரி வந்திருந்தால் மூன்று வரிச் சிரிப்பும் வீணாகியிருக்கும்.

கடைசியாகத் தேதி. தெருவிலிருந்து வந்த குட்டிக்குப் பிறந்தநாள் யாருக்கும் தெரியாது. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்து உத்தேசமாகச் சொல்வார்: பால்பற்கள் முழுதாக முளைத்து இன்னும் விழத் தொடங்கவில்லை என்றால் இரண்டு, மூன்று மாதம். ஆகவே வாசகத்தில் இருப்பது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த நாள். பல் கணக்குப்படி மணி பிறந்தது அக்டோபர் வாக்கில். கேக் வெட்டுவது டிசம்பரில்.